ஒரு கிலோ கடலையில் எத்தனை சரை?

கேள்வி: நான் கிளிநொச்சியில் பின்னேரத்தில் கடலை அவிச்சு விக்கிறன். காய்ஞ்ச கடலை கிலோ 560 ரூபாய்க்கு வாங்குறன். ஊறினால் இரண்டு கிலோ வருது, அப்ப 100 கிராம் சரை 20 வரவேணும். 17தான் வருது. ஒரு சரை 100 ரூபாய், கடைசியில் கையில் காசு மிஞ்சிறது குறைவு. இப்ப வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாற ஆக்களுக்குக் குடுக்க 12 கிலோ அவிச்ச கடலை கேக்கினம். எவ்வளவு வாங்கவேணும், என்ன விலை சொல்லவேணும்?

பதில்: தங்கச்சி, கடலை உங்களை ஏமாற்றவில்லை. ஊறிய நிறையை வைத்துக் கணக்குப் போட்டீர்கள், விற்பதோ அவிச்ச கடலையை. இரவு முழுக்க ஊறிய கடலை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அடுப்பில் வேகும்போது இன்னும் கொஞ்சம் நீர் குடிக்கும். வடித்துப் பத்து நிமிடம் ஆற விட்டு நிறுத்தால், நல்ல பெரிய கடலை ஒரு கிலோவில் 2.2 கிலோ அளவில் நிற்கும். அப்படியென்றால் 20 அல்ல, 22 சரை வந்திருக்க வேண்டும்.

ஐந்து சரை எங்கே போனது? உங்கள் அளவுப் பேணியில் என்று நினைக்கிறேன். பேணியில் கூம்பாக அள்ளிச் சரையில் கொட்டினால் அது 100 கிராம் அல்ல, 130 கிராம் வரை போகும். 2200 கிராமை 130ஆல் பிரித்துப் பாருங்கள், 17 சரைதான். இன்றைக்கே தராசில் ஐந்து சரையை நிறுத்துப் பாருங்கள். நான் சொன்னது சரியென்றால் பேணியைத் தலைதட்டி அள்ளுங்கள், அல்லது பெரிய சரை என்று 130 ரூபாய்க்கு விற்கலாம். எண்ணெய், தேங்காய், வெங்காயம், செத்தல் மிளகாய், விறகு, கடதாசி எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 500 ரூபாய் என்று வைப்போம். கடலையோடு 1060. 22 சரை விற்றால் 1140 மிஞ்சும், 17 விற்றால் 640தான். ஒரு கிலோவில் 500 ரூபாய் கூம்பாகக் கொட்டப்பட்டிருக்கிறது.

பேணி இன்னொரு வகையிலும் குழப்பும். காய்ஞ்ச கடலை ஒரு சுண்டு, அவிந்த பின் இரண்டரைச் சுண்டுக்கு மேலே வரும். கொள்ளளவு கூடுமளவுக்கு நிறை கூடுவதில்லை. ஆகவே வாங்கும்போது கிலோ, விற்கும்போது சுண்டு என்று மாற்றாதீர்கள். இரண்டையும் தராசிலேயே செய்யுங்கள்.

இனி 12 கிலோ. அதை 2.2ஆல் பிரித்தால் ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கல், சொத்தை, ஊறாத கடலை கழியும், எனவே ஆறு கிலோ வாங்குங்கள். 12 கிலோ கேட்டார்கள் என்று 12 கிலோ காய்ஞ்ச கடலை வாங்கிவிட்டு, 26 கிலோவை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். ஆறு கிலோ கடலை தானே ஏறக்குறைய ஆறு லீற்றர் தண்ணீர் குடிக்கும், ஆகவே 18 லீற்றராவது விட்டு ஊறப்போடுங்கள். பாத்திரம் சிறிதென்றால் இரண்டாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் மேலே உள்ளது ஊறாது. நம் வைகாசி வெயிலில் மாலை போட்டு அதிகாலை வடிப்பதே நல்லது. நுரை கட்டிப் புளித்த வாசம் வந்தால் அந்தக் கடலை கெட்டுப்போனதுதான், கொடுக்கவே வேண்டாம்.

விலை: கடலை 3360, மற்றச் செலவு 3000, மொத்தம் 6360. 12ஆல் பிரித்தால் கிலோவுக்கு 530 ரூபாய். இதில் உங்கள் கூலி இல்லை. ஒரு நாள் கூலியும் போக்குவரத்தும் சேர்த்த பிறகே விலை சொல்லுங்கள். தேங்காய்ப்பூ, வெங்காயம் கலந்து தாளித்த நிறையா, வெறும் கடலையின் நிறையா 12 கிலோ என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கலந்தபின் 12 என்றால் கடலை அதைவிடக் குறைவாகப் போதும்.

ஒரு எச்சரிக்கை. 2.2 என்பது எல்லாக் கடலைக்கும் ஒரே மாதிரி வராது. சாக்கில் நாள்பட்டுக் கிடந்தது நீரைச் சரியாகக் குடிக்காது, ஒரு கிலோ ஊறி 1.8 கிலோவைத் தாண்டாவிட்டால் அது பழையது. எத்தனை மணி நேரம் அவித்தாலும் உள்ளே மாவு கடிபடும், விறகுச் செலவும் ஏறும். ஆறு கிலோவையும் ஒரே சாக்கில் இருந்து எடுங்கள். அதில் கால் கிலோவை முதல்நாளே ஊறவைத்து, அவித்து, வடித்து நிறுத்துப் பாருங்கள். 550 கிராம் வந்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். 500தான் வந்தால் இரண்டு மடங்கு என்று வைத்து, ஆறரைக் கிலோ வாங்குங்கள். கௌபிக்கோ பயறுக்கோ மாறினாலும் இதே கால் கிலோச் சோதனையைப் புதிதாகச் செய்துவிட்டே விலை பேசுங்கள்.