ஜாயினிங் மெயிலுக்குக் காத்திருந்த பதினொரு மாதம்

கேள்வி: கேம்பஸில் ஆஃபர் கிடைத்தது. படிப்பு முடிந்து எட்டு மாதம் ஆகியும் ஜாயினிங் தேதி வரவில்லை. ஹெச்ஆரிடம் எப்படிக் கேட்பது? திரும்பத் திரும்பக் கேட்டால் ஆஃபரை ரத்து செய்துவிடுவார்களா?

தேதி கேட்டான் என்பதற்காக யாருடைய ஆஃபரையும் ரத்து செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தாராளமாகக் கேளுங்கள். ஆனால் "எப்போது ஜாயினிங்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதையே கேட்டுத்தான் நான் நாலு மாதத்தைத் தொலைத்தேன்.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். 2021 அக்டோபரில் ஒரு பெரிய ஐடி நிறுவனம் கேம்பஸில் எடுத்தது. 2022 ஜூலையில் ரிசல்ட் வந்தது. ஆகஸ்டில் கூப்பிடுவார்கள் என்று நினைத்து, ஒரு பெட்டியும் இரண்டு ஃபார்மல் சட்டையும் வாங்கி வைத்துவிட்டேன். சட்டை மடிப்பு கலையாமல் அப்படியே கிடந்தது. செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை ஆறு மெயில் போட்டேன். ஆறுக்கும் ஒரே பதில்: "வணிகத் தேவையைப் பொறுத்து உங்களுக்குத் தெரிவிக்கப்படும்." (வேறு வேலை தேடியிருக்கலாமே என்று எழுதப்போகிறவர்களுக்கு: தேடினேன். அந்த வருடக் கடைசியில் புதுப் பிள்ளைகளை எடுப்பதையே பல நிறுவனங்கள் குறைத்துவிட்டன. அதுவரை மண்டபம் ஊரில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதினேன். சம்பளத்தில் பிடித்தம் எதுவும் இல்லாத வேலைதான், இருந்தும் சேரும்போது படிவத்தில் அதைக் குறிப்பிட்டேன்.)

அந்தப் பதில் பொய்யில்லை என்பது உள்ளே போன பிறகுதான் புரிந்தது. மெயிலுக்குப் பதில் போடுகிறவரிடம் உங்கள் தேதி இருக்காது. எந்த ஊரில், எந்தத் தொழில்நுட்பத்துக்கு, எத்தனை பேர் வேண்டும் என்று ப்ராஜெக்ட் பக்கத்திலிருந்து கணக்கு வரும். பயிற்சி வகுப்பில் இடம் காலியாக வேண்டும். இரண்டும் கூடி வந்ததும், சான்றிதழ் சரிபார்ப்பு முழுதாக முடிந்தவர்களின் பட்டியலிலிருந்து ஒரு பேட்ச் எடுப்பார்கள். ஜாயினிங் லெட்டர் வர அப்புறம் இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். அதற்கு முன்னால் தேதி என்ற ஒன்றே கிடையாது. இல்லாததை எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

அவர்களால் பதில் சொல்ல முடிந்த கேள்வி வேறு. "என் சரிபார்ப்பு முடிந்துவிட்டதா? என் பக்கத்திலிருந்து ஏதாவது பாக்கி இருக்கிறதா? பேட்சுக்கு எடுக்கத் தயாரானவர்கள் பட்டியலில் நான் இருக்கிறேனா?" இதற்குத் திரையைப் பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்லிவிடலாம்.

என் விஷயத்தில் பாக்கி இருந்தது. ஜனவரியில் கல்லூரி ப்ளேஸ்மென்ட் ஆபீசரைப் போய்ப் பார்த்தேன். தனி ஆள் போடும் மெயில் கிணற்றில் போட்ட கல். கல்லூரியிலிருந்து சேராதவர்கள் பெயரையெல்லாம் ஒரே பட்டியலாக அனுப்பினால் பதில் வருகிறது, ஏனென்றால் அடுத்த வருடமும் அவர்கள் அதே கல்லூரிக்கு ஆள் எடுக்க வரவேண்டும். பதினோரு பேர் பட்டியல் போனது. நாலு நாளில் விவரம் வந்தது. என் பெயருக்கு நேராக மட்டும் Insufficient, அதாவது கொடுத்தது போதாது, என்றிருந்தது.

வேறு ஒன்றுமில்லை, இனிஷியல். மார்க் ஷீட்டில் என் பெயரும் ஒற்றை எழுத்தும். பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும், அதனால் அதில் அப்பா பெயர் முழுதாக வந்துவிட்டது. ஆதாரில் இனிஷியலே இல்லை. சரிபார்க்கிறவர்கள் கணக்கில் நாங்கள் மூன்று ஆள். குடும்பப் பெயர் வைத்திருக்கும் ஊர்க்காரன் போட்ட படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. நம் ஆட்கள் அதில் எதை எழுதுவது என்று அந்தப் படிவம் போட்டவனைத்தான் கேட்க வேண்டும். விளக்கம் கேட்டு அக்டோபரிலேயே மெயில் வந்திருக்கிறது. அது ஸ்பாமில் கிடந்தது. அனுப்பியது நிறுவனம் இல்லை, அவர்கள் சரிபார்ப்புக்கு அமர்த்திய வேறொரு நிறுவனம், அதனால் அந்தப் பெயரை நான் தேடவே இல்லை. என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ராமநாதபுரத்துக்குப் போய், மூன்று பெயரும் ஒரே ஆளுடையது என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி ஏற்றினேன். பிப்ரவரியில் சரிபார்ப்பு முடிந்து பச்சை ஆனது. ஏப்ரலில் எந்த ஊர் வேண்டும் என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. அது வந்தால் பேட்ச் பக்கத்தில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மே மாதம் லெட்டர், ஜூனில் சேர்ந்தேன். பட்டியலில் இருந்த மற்ற பத்து பேரில் ஆறு பேர் எனக்கு முன்பே போய்விட்டார்கள். இருவருக்கு எல்லாம் பச்சையாக இருந்தும் கடைசிவரை அழைப்பு வரவில்லை. ஆகவே இதைச் செய்தால் தேதி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

மெயில் எழுதும்போது தலைப்பிலேயே கேண்டிடேட் ஐடி, முழுப்பெயர், தேர்ச்சி பெற்ற வருடம் போடுங்கள். உள்ளே ஆஃபர் தேதி, கல்லூரி, அந்த மூன்று கேள்வி, அவ்வளவு போதும். வீட்டுக் கஷ்டம் எழுதினால் படிக்க மாட்டார்கள். நான் எழுதிப் பார்த்தவன். மாதம் ஒரு தடவை, பழைய மெயிலுக்கே பதிலாகப் போட்டால் நீங்கள் எத்தனை மாதமாகக் கேட்கிறீர்கள் என்பது அங்கேயே தெரியும். உங்கள் கையில் இருப்பது ஆஃபர் லெட்டரா, எடுக்க உத்தேசம் என்று சொல்லும் கடிதம் மட்டுமா என்பதையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். இரண்டாவது என்றால் அதை நம்பி வேறு வேலையை விடாதீர்கள்.

வரும் பதில் "தெரிவிக்கப்படும்" என்று மட்டும் இருந்தாலும் அழிக்காதீர்கள். கல்விக்கடனுக்கு உதவும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரைதான் தவணை கேட்க மாட்டார்கள். எனக்கு அந்த வருடம் 2023 மே மாதத்தோடு முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில், வீட்டில் ஒரு பைசா வரும்படி இல்லை. அந்த நேரம் பார்த்து வங்கியிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டு, பையனுக்கு வேலை கிடைத்துவிட்டதாமே என்று கேட்டார்கள். கேட்ட விதம் இன்னும் மறக்கவில்லை. படகு கடனுக்கு ஒரு பேச்சு, படிப்புக் கடனுக்கு ஒரு பேச்சு, தடைக்காலம் என்றால் என்னவென்றே தெரியாதவரை மேனேஜராகக் கடற்கரைக்கு அனுப்பினால் இப்படித்தான். சரி, அது வேறு கதை. ஆஃபர் லெட்டரையும் அந்த ஆறு பதில்களையும் அச்செடுத்து, தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். முதலில் முடியாது என்றவர்கள், மூன்றாம் தடவை போனபோது ஆறு மாதம் கொடுத்தார்கள். தள்ளிவைத்த காலத்துக்கும் வட்டி ஏறும் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

சேரப் போன அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மண்டபம் வரை போய்த்தான் ரயில் ஏறினேன். 2022 டிசம்பரில் பாம்பன் ரயில் பாலத்தை மூடியிருந்தார்கள். புதுப் பாலத்தை இதோ திறக்கிறோம், அதோ திறக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்து, 2025 ஏப்ரலில் திறந்தார்கள். அதற்குள் நான் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போயிருந்தது.