அடித்த பைல் மேலே எழும்புகிறது: என்ன செய்வது?

> "வெள்ளவத்தையில் கால்வாயோரக் காணி. அத்திவாரத்துக்கு 300 மி.மீ. சதுர கொங்கிறீட் பைல் அடிக்கிறோம். முதலில் அடித்தவை எழும்பியிருக்கு, பக்கத்து மதிலும் வெடிச்சிருக்கு. துளைத்து வார்க்கும் பைலுக்கு மாறவா?"

உடனே மாற வேண்டாம். நீர் நிறைந்த களி, அடிக்கும் வேகத்தில் சுருங்காது; விலகித்தான் போகும். 10 மீற்றர் ஆழத்துக்கு ஒரு பைல் 0.9 கன மீற்றர் மண்ணைத் தள்ளுகிறது. அதில் ஒரு பங்கு முன்பு அடித்த பைல்களையும் தூக்கிக்கொண்டு மேலே எழும்பும், மிச்சம் பக்கவாட்டில் போய் மதிலைத் தள்ளும்.

ஒவ்வொரு பைலின் தலைமட்டத்தையும் அடித்தவுடன் எடுங்கள், அயல் பைல்கள் முடிந்ததும் மறுபடி எடுங்கள். பாறையில் நிற்க வேண்டிய பைல் எழும்பியிருந்தால் அடியில் இடைவெளி விழுந்திருக்கலாம். அதைத் திரும்ப அடித்தே ஆகவேண்டும். இனி மதிலோரத்தில் தொடங்கி அப்பால் நகருங்கள். மென்களிப் படையில் முன்கூட்டியே துளைத்து மண்ணை எடுத்தால் தள்ளல் நன்றாகக் குறையும்.

பைலைச் சுற்றிக் குழைந்த களி பலம் இழந்திருக்கும். நீரழுத்தம் வடிய வாரங்கள் ஆகும். சுமைச் சோதனையை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

துளைத்து வார்த்தால் மண் எழும்பாது, உண்மை. ஆனால் மென்களி துளைக்குள் பிதுங்கி வரும், உறைக்குழாய் இல்லாவிட்டால் பைலின் இடை சிறுத்துவிடும். தளர்ந்த மணல் என்றால் கதையே வேறு: அடிக்கும் பைல் அதை இறுக்கும், துளைப்பது இன்னும் தளர்த்தும். உங்கள் மண்பரிசோதனைத் துளைப்பதிவில் களிக்குக் கீழே என்ன இருக்கிறது?