பூச்சி மருந்து குடுத்தும் திரும்பச் சொறியிறது ஏன்?

"மகனுக்கு இரண்டரை வயசு. பூச்சி மருந்து குடுத்து மூண்டு கிழமைதான், திரும்ப இரவில பின்பக்கம் சொறிஞ்சு அழுறான். மருந்து சரியில்லையோ?"

மருந்து பூச்சியைத்தான் கொல்லும், முட்டையை இல்லை. அதால ரெண்டு கிழமை கழிச்சு ரெண்டாந்தரம் குடுக்கவேணும், உதைத்தான் கனபேர் விடுறவை. பிள்ளை நித்திரையாகி ரெண்டு மூண்டு மணித்தியாலத்தால ரோச் அடிச்சுப் பாருங்கோ, வெள்ளை நூல்துண்டு மாதிரி நெளிஞ்சா கீரைப்பூச்சிதான். பெண் பூச்சி இரவிலதான் வெளிய வந்து முட்டை இடும், பிள்ளை சொறிய அது நகத்துக்குள்ள போய் விரல் சூப்பேக்க திரும்ப வாய்க்குள்ள.

என்ர மகளுக்கும் இதே கதை, கடைசியில பாத்தா அவளோட ஒரே பாயில படுக்கிற அக்காவுக்கும் இருந்தது! வீட்டில எல்லாரும் ஒரே நாளில குடிக்கவேணும், கர்ப்பிணியும் ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளும் மட்டும் டொக்டரைக் கேட்டு.

காலமை எழும்பின உடன பின்பக்கம் கழுவி, உள்ளாடை மாத்தி, நகத்தை ஒட்ட வெட்டி, சோப்பால நகத்தடியும் தேய்ச்சுக் கழுவுங்கோ. சனிட்டைசர் முட்டைக்குச் சரிவராது. பெட்சீட்டை உதறாமல் சுடுதண்ணியில தோயுங்கோ.

வயித்து நோ, சத்தி, மலத்தில ரத்தம், வெளிறின முகம் எண்டா வேற பூச்சியாயும் இருக்கலாம், டொக்டரிட்டக் காட்டுங்கோ.