தூக்கியதில் இல்லாத வலி இறக்கியதில் ஏன்?

கேள்வி: திருநகர்ல இருக்கேன், வயசு 27. ஜிம்ல சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு. 10 கிலோ டம்பெல்ல பைசெப்ஸ் கர்ல் பண்ணி இதுவரைக்கும் பெருசா வலி வந்ததில்லை. போன திங்கட்கிழமை மாஸ்டர், "தூக்குறதை எப்பவும் போல தூக்கு, இறக்குறப்ப நாலு எண்ணி இறக்கு"ன்னார். அதே 10 கிலோ, 10 ரெப், 4 செட். செவ்வாய்க்கிழமை லேசா பிடிச்ச மாதிரி இருந்துச்சு. புதன்கிழமை கையை நீட்ட முடியலை, சட்டை மாட்டவே கஷ்டம். தூக்குறப்பதானே மூச்சு வாங்குது, இறக்குறப்ப ஏன் வலிக்கணும்? லாக்டிக் ஆசிட்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. திரும்பவும் இதே மாதிரி பண்ணலாமா?

பதில்: பண்ணலாம், ஆனால் இதே அளவில் அல்ல. அளவு எங்கே தவறியது என்பது புரிய, இறக்கும்போது பைசெப்ஸ் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

டம்பெல் கீழே இறங்கும்போது தசை ஓய்வெடுப்பதில்லை. அது விட்டுவிட்டால் டம்பெல் தொப்பென்று விழுந்துவிடும். நாலு எண்ணும் வரை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது பைசெப்ஸ்தான். தூக்கும்போது அது இழுத்துக்கொண்டே குறுகுகிறது, இது கான்சென்ட்ரிக். இறக்கும்போது இழுப்பை விடாமலே, எடையின் பாரத்தால் நீள்கிறது, இதுதான் எக்சென்ட்ரிக். முழங்கை செங்கோணத்தில் இருக்கும்போது கையிலுள்ள 10 கிலோவைத் தாங்க முழங்கையை மடக்கும் தசைகள் ஏறக்குறைய 70 முதல் 80 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். தசை எலும்பைப் பிடித்திருக்கும் இடம் மூட்டுக்கு மிக அருகில் இருப்பதே காரணம். ஒரே சீரான வேகத்தில் அசைத்தால், ஏற்றத்திலும் இறக்கத்திலும் இந்தச் சுமை ஏறக்குறைய ஒன்றுதான்.

சுமை ஒன்றுதான் என்றாலும் அதைத் தாங்கும் இழைகளின் எண்ணிக்கை ஒன்றல்ல. தசை இழைக்குள் மயோசின் என்ற புரதம் ஆக்டின் என்ற புரதத்தைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகிறது. குறுகும்போது இப்படி விட்டுப் பிடிப்பதிலேயே விசையும் ஆற்றலும் செலவாகின்றன. நீளும்போது, பற்றிய பிடி அவிழாமலே இழுபடுகிறது; கூடவே டைட்டின் என்ற சுருள் போன்ற புரதமும் விறைத்துத் தாங்குகிறது. அதனால் ஒவ்வோர் இழையும் கூடுதல் விசையைத் தாங்கும். இழை ஒவ்வொன்றும் அதிகம் தாங்குவதால், அதே 10 கிலோவுக்கு நரம்பு மண்டலம் குறைவான இழைகளையே வேலைக்கு அழைக்கிறது. பெரிய கல்லைக் கயிறு கட்டி மேலே இழுக்கப் பத்துப் பேர் வேண்டும். மெல்ல இறக்க ஐந்து பேர் போதும். ஆனால் அந்த ஐந்து பேரின் உள்ளங்கைதான் உரசித் தோல் உரியும்.

இறக்குவது உங்களுக்கு லேசாகத் தெரிந்ததும் இதனால்தான். 1952இல் இங்கிலாந்தில் அபட், பிக்லாண்ட், ரிச்சி ஆகிய மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக ஒரே சங்கிலியில் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அந்த மிதியை எதிர்த்துத் தடுத்தார். இருவரின் கால்களிலும் விசை ஒன்றே. ஆனால் தடுத்தவருக்குச் செலவான ஆக்சிஜன், மிதித்தவருடையதில் பாதிகூட இல்லை. ஆக, மூச்சு வாங்குவதை வைத்துத் தசையின் பாடு எவ்வளவு என்று கணக்கிட முடியாது. திருப்பரங்குன்றத்தில் மலை உச்சியிலுள்ள காசி விசுவநாதர் கோயிலுக்கு ஏறும்போதுதான் இரைக்கும். மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு தரையில் உட்கார முடியாமல் போவது பெரும்பாலும் படி இறங்கியதால்தான்.

நீளும் இழையில் எல்லாப் பகுதியும் சமமாக நீள்வதில்லை. வலுக்குறைந்த சில நுண்துண்டுகள் மட்டும் அளவு மீறி இழுபட்டு ஒழுங்கு குலைகின்றன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். துண்டுகளைப் பிரிக்கும் குறுக்குக் கோடுகள் கலைந்து கிடப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். தசையைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவும் பாதிக்கப்படுகிறது. இந்தச் சேதம் நடக்கும் நேரத்தில் வலிப்பதில்லை. பிறகு அங்கே அழற்சி உண்டாகி, அதில் சுரக்கும் பொருள்கள் வலி நரம்புகளைக் கூருணர்வாக்குகின்றன. இதற்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் திங்கட்கிழமைப் பயிற்சிக்குச் செவ்வாய் தொடங்கி, புதன் உச்சம். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளில் சரியாகிவிடும்.

லாக்டிக் அமிலம் இதற்குக் காரணம் அல்ல. அது ஆற்றல் அதிகம் செலவாகும் வேலையில் கூடுவது. பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். 1983இல் வெளியான ஓட்டச் சோதனையில், சமதளத்தில் ஓடியவர்களுக்கு அந்த அளவு ஏறியது, வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு அது ஏறவில்லை, வலி வந்தது.

இப்போது உங்கள் கணக்கு. முன்பு ஒரு விநாடியில் இறக்கியிருந்தால், 40 ரெப்புக்கு 40 விநாடி. திங்கட்கிழமை 160 விநாடி. எடை கூடாமலே எக்சென்ட்ரிக் நேரம் ஒரே நாளில் நாலு மடங்கு. மாஸ்டர் சொன்ன முறையில் தவறில்லை. முதல் நாளே நாலு செட் போனதுதான் தவறு. இன்னொன்றையும் கவனியுங்கள்: தசை ஏற்கெனவே நீண்டிருக்கும் நிலையில், அதாவது கை ஏறக்குறைய நேராகும் கடைசிப் பகுதியில், சேதம் அதிகம். நாலு எண்ணுகிறவர்கள் பலர் மேலே வேகமாக விட்டு, அந்தக் கடைசிப் பகுதியில்தான் இழுத்துப் பிடிக்கிறார்கள்.

வலி குறையும் வரை பைசெப்ஸுக்குத் தனிப் பயிற்சி வேண்டாம். கையை லேசாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தால் பிடிப்பு தற்காலிகமாகத் தளரும். வலுக்கட்டாயமாக நீட்டுவதும், அழுத்தி உருவிவிடுவதும் வேண்டாம். வலி போனதை மட்டும் பார்க்காதீர்கள், வலு திரும்பியதா என்றும் பாருங்கள். 6 கிலோவை வலியில்லாமல், கை நடுங்காமல் பத்து முறை தூக்க முடிந்தால் தொடங்கலாம்.

முதல் வாரம் 6 கிலோ, 8 ரெப், 2 செட், மூன்று எண்ணி இறக்குங்கள். கை முழுதாக நேராவதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். இது மொத்தம் 48 விநாடிதான், போதாது போலத் தோன்றும். ஆனால் லேசான எக்சென்ட்ரிக் பயிற்சி ஒருமுறை கிடைத்தாலே, தசை அடுத்த முறைக்குத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். இரண்டாம் வாரம் 3 செட், முழு நீளத்துக்கு இறக்கலாம். மூன்றாம் வாரம் 8 கிலோ. மறுநாள் லேசான பிடிப்புக்கு மேல் இல்லையென்றால் நாலாம் வாரம் 10 கிலோவும் நாலு எண்ணிக்கையும். வலி வராவிட்டால் பயிற்சி பலிக்கவில்லை என்று நினைத்து எடையை ஏற்ற வேண்டாம். தசை வளர வலி கட்டாயமில்லை.

இந்த வலி தசை முழுவதும் பரவி, தொட்டாலும் நீட்டினாலும் தெரியும். சும்மா இருந்தால் பெரிதாக இருக்காது. பயிற்சியின்போதே சுருக்கென்று ஒரே இடத்தில் வலித்து, இரத்தம் கட்டியிருந்தால் அது தசைக்கிழிவாக இருக்கலாம், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கை வீங்கிக்கொண்டே போவது, விரல் மரத்துப்போவது, சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சிதைந்த தசையின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. மதுரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் பயிற்சி செய்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அதுவரை வலி மாத்திரை எதையும் நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள், அவற்றில் பல சிறுநீரகத்துக்கு மேலும் பாரம்.