கேள்வி பதில்: குளிர் வார்டில் எந்த மாஸ்க், எவ்வளவு ஜன்னல்?

31 வருடம் வார்டில் நின்றவள். அதில் கடைசி 9 வருடம் தொற்றுத் தடுப்பு செவிலியர். இப்போது கோத்தகிரிப் பக்கம் ஓய்வில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

"சிஸ்டர், சளியில் டி.பி. உறுதியான ஒருவர் கடைசித் தனி அறையில் இருக்கிறார். நாங்கள் என்95 போட்டுத்தான் போகிறோம். குளிர் தாங்காமல் அவர் ஜன்னலைச் சாத்திவிடுகிறார். மாஸ்க் இருக்கிறதே, போதாதா?" (பணியில் இருக்கும் செவிலியர், குன்னூர்)

போதாதும்மா. உங்கள் அறையையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 60 கன மீட்டர். எதிரெதிரே வெளிச்சுவரில் இரண்டு ஜன்னல், ஒவ்வொன்றும் திறந்தால் 0.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் வேகம், சின்னத் திறப்பின் பரப்பு, 3600, அதோடு 0.65, நான்கையும் பெருக்கி அறையின் கன அளவால் வகுத்தால், மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்று தோராயமாகக் கிடைக்கும். காற்று நொடிக்கு அரை மீட்டர் மெதுவாக வீசினாலே கிட்டத்தட்ட 12 முறை மாறும். டி.பி. அறைக்குக் கேட்பதும் அந்த அளவுதான்.

இப்போது ஜன்னலைப் பத்து சென்டிமீட்டர் இடுக்காக்குங்கள். திறப்பு 0.12 சதுர மீட்டர் ஆகிறது, காற்று மாறுவது 2.3 முறையாக விழுகிறது. நோயாளி இருமிக்கொண்டே இருக்கும் அறையில் காற்றில் நிற்கும் கிருமி அப்போது ஏறக்குறைய ஐந்து மடங்கு. நன்றாகப் பொருந்திய என்95 உள்ளே வருவதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்றுதான் கணக்கு வைப்பார்கள். மாஸ்க் பத்தில் ஒன்றாக்கியதை ஜன்னல் ஐந்தால் பெருக்கிவிட்டது. முழுசாகத் திறந்த அறையில் மாஸ்க்கே இல்லாமல் நிற்பவரின் பாதி அளவை நீங்கள் மாஸ்க்கோடு சுவாசிக்கிறீர்கள்.

அவர் எக்ஸ்ரேவுக்குப் போனதும் துப்புரவு அக்கா சாதாரண மாஸ்க்கோடு உள்ளே போவாரே, அவரை யோசியுங்கள். 12 முறை மாறும் அறையில் நூற்றில் 99 பங்கு கிருமி வெளியேற 23 நிமிடம் போதும். இடுக்கு ஜன்னலில் இரண்டு மணி நேரம் ஆகும்.

குளிருக்கு வழி கம்பளியும் குல்லாவும் வெந்நீர்ப் பையும்தான். கட்டிலைக் காற்று நேராக அடிக்கும் பாதையிலிருந்து நகர்த்துங்கள். ரூம் ஹீட்டர் இருக்கிற காற்றையே சூடாக்கும், மாற்றாது.

"எங்கப்பாவை டி.பி. சந்தேகத்தில் சேர்த்திருக்கிறோம். சிஸ்டர்களுக்குத் தடித்த மாஸ்க், அப்பாவுக்கு நீல மாஸ்க். நோயாளிக்குத்தானே நல்லது தர வேண்டும்?" (தோட்டத் தொழிலாளி, கூடலூர்)

கோபம் புரிகிறது தம்பி, ஆனால் யாரும் ஏமாற்றவில்லை. அப்பாவுக்குத் தருவது அவர் இருமுவதை வாய்ப் பக்கமே பிடித்து வைக்க. சிஸ்டர் போடுவது வெளிக்காற்றை வடிகட்டி இழுக்க. மூச்சுத் திணறும் ஆளுக்கு என்95 மாட்டினால் அதையே கழற்றி எறிவார். அறைக்குள் போகும்போது உங்களுக்கு என்95 கேளுங்கள், அதைக் கேட்கலாம். வால்வு வைத்ததை மட்டும் அப்பாவுக்குப் போட்டுவிடாதீர்கள், இருமல் வடிகட்டாமலே வெளியே வந்துவிடும்.

"கே.என்95 போடலாமா?"

இதே கேள்வியை நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். காதில் மாட்டுவது முகத்தோடு ஒட்டி நிற்பது அபூர்வம். டி.பி. அறைக்குத் தலையைச் சுற்றி இரண்டு பட்டை உள்ளதை வாங்குங்கள். இந்தியத் தயாரிப்பானால் ஐ.எஸ். 9473 என்ற எண்ணைப் பாருங்கள்.

"தாடி இருந்தால்?" (ஆண் செவிலியர்)

எடுங்கள். முடியாதென்றால் தலையை மூடும் காற்றூதும் கருவி வேண்டும், அது நம் ஊர் வார்டுகளில் எங்கே இருக்கிறது? போட்டதும் இரண்டு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். மூக்கோரம் கண்ணில் காற்று பட்டால் கசிவு. கம்பியை ஒரு கையால் கிள்ளாமல் இரு கை விரலாலும் அழுத்துங்கள். கிள்ளினால் நடுவில் கூர் விழும், அந்த வழியாகவே கசியும்.

"சொறி சிரங்கு நோயாளிக்கு என்95 வேண்டுமா?"

வேண்டாம். கையுறை, கவுன், துணிகளைத் தனியாகக் கட்டுவது. மூக்கு வழியாக வரும் நோயல்ல அது.

"அம்மை போட்ட பையனை வார்டில் வைத்தாகிவிட்டது. யார் பார்ப்பது?" (கொடைக்கானல்)

ஏற்கெனவே அம்மை வந்தவரோ தடுப்பூசி போட்டவரோ மட்டும். எதிர்ப்புச் சக்தி இல்லாத செவிலியரை "என்95 தருகிறோம், போ" என்று அனுப்பக் கூடாது. சின்னம்மை காற்றிலும் பரவும், கொப்புள நீரைத் தொட்டாலும் பரவும். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை தனி அறை, கதவு சாத்தி, கையுறை, கவுன். வாசலில் வேப்பிலை கட்டினால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கதவு சாத்தியிருந்தால் சரி.

"சிஸ்டர், உங்கள் பாடமே பழசு. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் நீர்த்துளி, காற்றுவழி என்ற பிரிவையே எடுத்துவிட்டது. இனி எல்லா இருமலுக்கும் என்95 தான்." (ஆய்வக உதவியாளர்)

முதல் பாதி சரி. ஐந்து மைக்ரானுக்கு மேலே துளி, கீழே காற்று என்ற கோட்டை அவர்கள் கைவிட்டார்கள். அருகில் நின்றால் ஃப்ளூ நோயாளியிடமிருந்தும் சின்னத் துகளை மூச்சில் இழுக்கிறோம், உண்மைதான். ஆனால் அவர்கள் மாற்றியது சொற்களை. எந்த நோய்க்கு எந்த மாஸ்க் என்பதை அந்த அறிக்கை தீர்த்துவிடவில்லை. 2019-ல் வெளிவந்த பெரிய அமெரிக்கச் சோதனையில் ஒரு ஃப்ளூ பருவத்துக்கு என்95 போட்ட ஊழியர்களில் 8.2 சதவீதம் பேருக்கும், சாதாரண மாஸ்க் போட்டவர்களில் 7.2 சதவீதம் பேருக்கும் ஃப்ளூ வந்தது. நிஜமான வித்தியாசம் என்று சொல்ல முடியாத இடைவெளி.

"அவர்கள் அறைக்குள் மட்டும் போட்டிருந்தார்கள், ஓய்வறையில் கழற்றினார்கள். அதனால் வித்தியாசம் தெரியவில்லை." (அதே நபர்)

நோயாளி அருகில் போகும்போதுதான் போட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சோதனை உங்கள் வாதத்தைப் பொய்யாக்கவில்லை, நிரூபிக்கவும் இல்லை. ஃப்ளூ நோயாளிக்குக் குழாய் போடும்போதும் சளி உறிஞ்சும்போதும் நானும் என்95 தான் போட்டேன். மற்ற நேரம் சாதாரண மாஸ்க். உங்களுக்கு எப்போதும் வேண்டுமென்றால் போடுங்கள், ஆனால் டி.பி. அறைக்கு வைத்த பெட்டியைக் காலி செய்யாதீர்கள்.

என் பயம் வேறு இடத்தில். பல வருடம் முன்பு ஒரு ஜனவரி. நிமோனியா என்று ஒரு அம்மாவைப் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள், பனிக்குப் பயந்து ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளைத் திணித்திருந்தார்கள். டி.பி. என்று முடிவு வந்தது ஐந்தாம் நாள். அதுவரை யாரும் என்95 போடவில்லை, போடக் காரணமும் தெரியாது. பின்னால் ஒரு இளம் செவிலியர் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். அந்த அம்மாவிடமிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று தெரிந்தாலே, முடிவு வரும் முன்பே தனி அறை, நீல மாஸ்க், ஜன்னல் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதிலிருந்துதான்.

"ஊட்டி வருகிறோம், பனிக்கு எந்த மாஸ்க்?"

மஃப்ளர். அடுத்த கேள்வி.

"சிஸ்டர், மறுபடியும் குன்னூரிலிருந்து. ஜன்னலைத் திறந்துவிட்டோம். காற்று சரியாகப் போகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஊதுபத்தி கொளுத்தலாமா?"

ஆக்சிஜன் ஓடும் அறையில் கொளுத்தவே கூடாது! மெல்லிய டிஷ்யூவை நூலாகக் கிழித்து, வராந்தா பக்கம் கதவின் அடி இடுக்கில் பிடியுங்கள். அறைக்குள் இழுத்தால் நல்லது. வெளியே பறந்தால் அறைக்காற்று வராந்தாவுக்கு வருகிறது.

"பார்த்தோம். வெளியேதான் பறக்கிறது."

கதவின் அடியில் துணியை மடித்துத் திணியுங்கள். காற்று உள்ளே வரும் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் குறைத்து, எதிர்ப்பக்கத்தை முழுசாகத் திறந்து, கதவின் பக்க இடுக்கில் மறுபடி பிடித்துப் பாருங்கள். உங்கள் சரிவில் மதியத்துக்கு மேல் காற்று திரும்பலாம், அதனால் மூன்று மணிக்கும் ஒரு முறை. அப்போதும் வெளியே பறந்தால் அவரை எந்த அறைக்கு மாற்றலாம் என்று டாக்டரிடம் பேச வேண்டும்.