ஊறுகாய்க்கும் குழம்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் எந்த உப்பு?

கேள்வி: இந்துப்பு, கல் உப்பு, அயோடின் தூள் உப்பு இந்த மூன்றில் எதை எதற்கு வாங்குவது? அயோடின் உப்பு போட்டால் மாவடு கறுத்துக் கெட்டுப்போகும் என்கிறார்களே, உண்மையா?

எங்கள் வீட்டில் மாவடுவுக்குக் கல் உப்பு, சமையலுக்கும் மேசைக்கும் அயோடின் உப்பு. இந்துப்பை நான் வாங்குவதில்லை. காரணத்தை மாவடுவிலிருந்தே சொல்கிறேன், உப்பின் வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற இடம் அதுதான்.

முதலில் ஒரு விஷயம். தமிழ்நாட்டுக் கடையில் கிடைக்கும் கல் உப்பு கடல் உப்புதான். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் பாத்திகளில் உப்புநீரைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு வாருவது. சில பாக்கெட்டுகளில் ‘ராக் சால்ட்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு இந்துப்பு என்று வாங்கிவிடாதீர்கள். சுரங்கத்தில் வெட்டி எடுக்கிற இளஞ்சிவப்பு உப்புதான் இந்துப்பு. அதில் பெரும்பகுதி பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தைச் சேர்ந்தது. தூள் உப்பும் பெரும்பாலும் கடல் உப்பே. கழுவி, சுத்திகரித்து, பொடித்து, பொட்டாசியம் அயோடேட் சேர்த்திருப்பார்கள். ஆக மூன்றுமே பெரும்பாலும் சோடியம் குளோரைடு. படிகத்தின் அளவு, ஈரம், கூட இருக்கும் அழுக்கு, அயோடின் இந்த நாலில்தான் வித்தியாசம்.

மாவடுவைக் காப்பாற்றுவது உப்பின் எடை. ஒரு கிலோ வடுவுக்கு 200 கிராம் உப்பு என்பது என் கணக்கு. வடு தண்ணீர் விட்டு, உப்பு கரைந்து, உள்ளும் வெளியும் ஒன்றாகச் சேர்ந்தபின் மொத்த எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் உப்பு நிற்கும். அந்த அளவில் கெடுக்கும் கிருமிகள் பெரும்பாலும் தலைதூக்காது. உடம்புக்கு நல்லது என்று 100 கிராமாகக் குறைத்தால் 9 சதவீதம்தான் வரும். அப்போது வடு புளிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் நொளநொளத்துவிடும். அப்படிப் போட்டதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். ஒரு வருடம் வெளியில் நிற்க வேண்டும் என்றால் 200 கிராமில் கை வைக்காதீர்கள்.

சமையல் குறிப்புகளில் ‘ஒரு தம்ளர் உப்பு’ என்று எழுதியிருப்பதுதான் பெரும்பாலான தகராறுக்குக் காரணம். 200 மில்லி தம்ளர் நிறையத் தூள் உப்பு எடுத்தால் 240 கிராமை ஒட்டி வரும். அதே தம்ளரில் கல் உப்பு படிகத்தின் பருமனைப் பொறுத்து 180, 200 கிராம்தான் பிடிக்கும், பெரிய கல்லாக இருந்தால் இன்னும் குறையும். கல் உப்புக்கு எழுதிய அளவில் தூள் உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாத கரிப்பு. தூள் உப்புக்கு எழுதிய அளவில் கல் உப்பைப் போட்டால் மழைக்காலம் வருவதற்குள் பூஞ்சை. அப்புறம் பழி உப்பின் ஜாதி மேல் விழுகிறது. பத்து கிராம் காட்டுகிற சாதாரணத் தராசு போதும், நிறுத்துப் போடுங்கள்.

கல் உப்பில் ஈரமும் உண்டு. கடலோர ஊர்களில், மூட்டையிலிருந்து அள்ளித் தருகிற உப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீரே இருக்கலாம். என் மாமியார் கடையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரிப்பார். உள்ளங்கை நசநசவென்றிருந்தால், “இதுல கசடு வடியல, வேண்டாம்மா” என்று வைத்துவிடுவார். அவர் சொன்னதற்கு உப்பளத்தில் விளக்கம் இருக்கிறது. பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் நீரில் மக்னீசியம் குளோரைடு ஏறியிருக்கும். அதைச் சரியாக வடிக்காமல் வாரிய உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், நாக்கில் வைத்தால் கடைசியில் ஒரு கசப்பும் தட்டும். ஊறுகாய்க்கு அந்த உப்பு ஆகாது. நல்ல கல் உப்பையும் ஒரு நாள் வெயிலில் வைத்தோ, வெறும் வாணலியில் படபடவென்று வெடித்து அடங்கும்வரை வறுத்தோ, ஆறவைத்தபின் நிறுத்துக்கொள்ள வேண்டும். மண் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு ஸ்பூன் உப்பைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கரைத்து அரைமணி நேரம் விடுங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் படிவதைப் பார்த்தாலே முடிவெடுத்துவிடலாம்.

இனி ஜாடிக்கு வருவோம். ஒரு கிலோ வடுவைக் காம்பு கொஞ்சம் நிற்கும்படி ஆய்ந்து, கழுவி, துணியில் பரப்பி ஈரம் துளியும் இல்லாமல் நிழலில் உலர்த்துங்கள். இரண்டு மேசைக்கரண்டி விளக்கெண்ணெயைப் பிசிறிவிட்டு, ஒரு அடுக்கு வடு, அதன் மேல் உப்பு, மறுபடி வடு என்று பீங்கான் ஜாடியில் போடுங்கள். மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, மஞ்சள்தூள் உங்கள் வீட்டு வழக்கப்படி. காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்கவேண்டும். முதல் நாள் குலுக்கினால் உப்புக்கல் சரசரவென்று உருளும் சத்தம் கேட்கும். இரண்டாம் நாளில் அடியில் கொஞ்சம் தண்ணீர். மூன்றாம், நான்காம் நாளில் சரசரப்பு போய்க் ‘களக் களக்’ என்று நீர்ச் சத்தம் வரும், வடுவின் தோல் சுருங்கத் தொடங்கியிருக்கும். கல் உப்பின் பலன் இங்கேதான். வடுக்களின் இடுக்கில் தங்கி, மெதுவாகக் கரைந்து, எல்லா அடுக்குக்கும் போய்ச் சேருகிறது. தூள் உப்பு சரிந்து அடியில் இறங்கிக் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும், மேல் அடுக்கு உப்பில்லாமல் கிடக்கும். தூள் உப்புதான் கையில் இருக்கிறது என்றால் பாதியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மீதியைத் தூவி, நாளைக்கு நாலு முறை கிளறிவிடுங்கள். வடு நன்றாகவே வரும்.

ஐந்து நாளாகியும் வடு முழுகும் அளவுக்குத் தண்ணீர் விடவில்லையா? 200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து 40 கிராம் உப்பைக் கரைத்து, முழுக்க ஆறியபின் ஊற்றுங்கள். ஜாடியில் உள்ள உப்பு விகிதம் அப்படியே நிற்கும். வெறும் தண்ணீர் ஊற்றினால் போட்ட கணக்கு போயிற்று. மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்தால் அது பெரும்பாலும் ஒருவகை ஈஸ்ட். வழித்தெடுத்துவிட்டு, வடுவை முழுகவைத்து, உப்பைச் சரிபார்க்கலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரி முளைத்திருந்தால் ஜாடியோடு கொட்டிவிடவேண்டியதுதான், மேலாக எடுத்துப்போட்டுவிட்டுச் சாப்பிடக்கூடாது.

உங்கள் அயோடின் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். அயோடின் உப்பில் பத்து லட்சம் பங்குக்கு அதிகம் போனால் 30 பங்கு அயோடின் இருக்கும். 200 கிராம் உப்பில் அது 6 மில்லிகிராம். ஒரு கிலோ வடுவைக் கறுக்கவைக்க அது போதாது. காற்றில் துருத்திக்கொண்டு நிற்பதாலும், இரும்புக் கரண்டி படுவதாலும்தான் பெரும்பாலும் வடு கறுக்கிறது. மாங்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். தூள் உப்பில் நிஜமாகவே தெரிகிற குறை வேறு. கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் சிலிக்கா மாதிரிப் பொருள் (பாக்கெட்டில் 551 என்று இருக்கும்) கரையாமல் நீரைக் கலங்கலாக்கும். மாவடுத் தண்ணீர் மிளகாயும் கடுகுமாக ஏற்கெனவே கலங்கித்தான் இருக்கிறது, அதில் இது தெரியாது. உப்பு நீரில் போட்ட நெல்லிக்காயில் பளிச்சென்று தெரியும். பார்வைக்குத்தான் குறை, ருசிக்கோ உடம்புக்கோ ஒன்றுமில்லை.

இந்துப்பிலும் வடு போடலாம், கெடாது. ஆனால் ஒரு கிலோ வடுவுக்கு அத்தனை விலை கொடுத்து என்ன கிடைக்கும் என்று எனக்குப் புரியவில்லை. அந்த நிறம் இரும்புத் தாதுவால் வருவது. மற்ற தாதுக்கள் எல்லாம் சேர்ந்தாலும் இரண்டு மூன்று சதவீதம்தான். நாளைக்கு 5 கிராம் உப்பு சாப்பிடுகிற மனிதருக்கு அதிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புச் சத்தைவிட அரைத் தம்ளர் மோரில் கூடுதல்.

குழம்புக்கு வந்தால் படிக வித்தியாசம் காணாமல் போய்விடும். கொதிக்கிற சாம்பாரிலும் புளிக்குழம்பிலும் எந்த உப்பும் கரைந்துவிடும். கல் உப்பில்தான் குழம்பு ருசி என்பவர்கள் கைப்பழக்கத்தைச் சொல்கிறார்கள் என்றே நினைக்கிறேன். பல வருடம் கல் உப்பை அள்ளிப் பழகிய கைக்கு அளவு தப்பாது, தூள் உப்பில் அதே பிடி கரித்துவிடும். அதனால் இங்கே நான் பார்ப்பது அயோடினை மட்டும்தான். வளர்ந்தவருக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிக்கு அதைவிடக் கூடுதல். அயோடின் சேர்க்காத கடல் உப்பிலும் இந்துப்பிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. பாத்தியில் காயும்போது கடலின் அயோடின் உப்போடு பெரும்பாலும் வருவதில்லை. மீன், முட்டை, பால் அதிகம் சேராத வீட்டில் சமையல் முழுவதையும் இந்துப்புக்கு மாற்றினால் அந்தக் குறை மெல்ல முன்கழுத்துக் கழலையாகக் காட்டலாம். நம் நாட்டு விதியும் நேரடியாகச் சாப்பிட விற்கும் சாதாரண உப்பில் அயோடின் இருக்கவேண்டும் என்கிறது, பதப்படுத்துவது போன்ற சில வேலைகளுக்கு விலக்கு உண்டு. கல் உப்பே வேண்டும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்புப் பாக்கெட் கிடைக்கிறது. நசநசத்த படிகத்தில் அயோடின் நிற்காது என்பதால் அதை மட்டும் மூடிய டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். கொதி இறங்கும் சமயத்தில் உப்பு போட்டால் அயோடின் இழப்பும் குறையும்.

மேசைக்குத் தூள் உப்புதான் சௌகரியம். தயிர்சாதத்தின் மேலோ வெள்ளரித் துண்டின் மேலோ தூவினால் நாக்கில் பட்டதும் கரையவேண்டும். கல் உப்பு பல்லில்தான் கடிபடும். கொய்யாவுக்குப் பொடித்த இந்துப்பு பிடிக்கிறது என்றால் தாராளமாக வையுங்கள், அது ருசிக்காக. ஆனால் அதிலும் சோடியம் அதேதான். இரத்த அழுத்தம் இருப்பவர்கள் இந்துப்பு என்று கூடுதலாகத் தூவிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் கணக்கில் போட்ட மாவடுவில் 10 கிராம் எடையுள்ள ஒன்றைக் கடித்தாலே ஒன்றரை கிராம் உப்பு உள்ளே போகிறது. இரண்டு வடு வைத்துக்கொள்ளும் நாளில் மேசையில் இருக்கும் உப்பு டப்பாவைத் தொடவே தேவையில்லை.