விகித வட்ட வரைபடத்தில் வட்டத்தின் அளவை எப்படி முடிவு செய்வது?

கேள்வி: "2011 கணக்கெடுப்பை வைத்து, இந்திய மாநிலங்களின் மக்கள்தொகையை வட்டங்களாக QGIS-இல் போட்டிருக்கிறேன். சின்ன மாநிலங்களும் கண்ணுக்குத் தெரியணும், பார்ப்பவர்கள் மதிப்பைத் தப்பாகவும் புரிந்துகொள்ளக் கூடாது. வட்டத்தின் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது?"

இரண்டு அளவுகளைத் தேர்ந்தெடுக்கப் போவதுதான் சிக்கலே. விகித வட்டத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது ஒரே ஓர் அளவு, அதாவது பெரிய வட்டம். மற்றதெல்லாம் கணக்குப்படி தானாக வர வேண்டும். சிறியதற்கும் ஓர் அளவை நாமே கொடுத்துவிட்டால், அந்த இடத்திலேயே வரைபடம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் அறிக்கைக்காக இதே மாநில வரைபடத்தைப் போட்டேன். QGIS-இல் Size பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி Assistant-ஐத் திறந்தேன். மதிப்புகளைத் தரவிலிருந்து எடுக்கச் சொன்னதும் சிக்கிமின் 6,10,577 முதல் உத்தரப் பிரதேசத்தின் 19,98,12,341 வரை தானாக நிரம்பியது. அளவுக்கு 3 மி.மீ. முதல் 30 மி.மீ. வரை என்று போட்டேன். Scale method-இல் Surface, அதாவது பரப்பளவு முறை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். படமும் பார்க்க அழகாக இருந்தது, ஒரு மாநிலம்கூட மறையவில்லை. அறிக்கையைப் படித்த பெரியவர் ஒருவர் இமாச்சலப் பிரதேசத்தின் வட்டத்தின் மேல் விரலை வைத்து, "இது உ.பி.யில பதினஞ்சுல ஒரு பங்கா?" என்று கேட்டார். உண்மையில் அது இருபத்தொன்பதில் ஒரு பங்கு.

அவர் கண்ணில் தப்பில்லை, என் படத்தில்தான் தப்பு. QGIS உள்ளே என்ன செய்தது என்று பாருங்கள். இமாச்சலின் 68,64,602-இலிருந்து சிக்கிமின் எண்ணைக் கழித்தது. மீதி மொத்த இடைவெளியில் எத்தனை பங்கு என்று பார்த்து வர்க்கமூலம் எடுத்தது. அதை 27 மி.மீ.யால் பெருக்கி, அதோடு நான் கொடுத்த 3 மி.மீ.யைக் கூட்டியது. விட்டம் 7.8 மி.மீ. வந்தது. 30-க்கும் 7.8-க்கும் உள்ள பரப்பளவு விகிதம் சுமார் 15. அவர் சொன்ன அதே பதினைந்து! சரியான கணக்கில் இமாச்சலுக்கு 5.6 மி.மீ. மட்டும்தான் வர வேண்டும். அந்த 3 மி.மீ. ஒவ்வொரு வட்டத்திலும் இலவச இணைப்பாகச் சேர்ந்துவிட்டது. பெரிய வட்டங்களில் அது கரைந்துபோகும், சிறியவற்றில் மதிப்பையே இரண்டு மடங்காகக் காட்டும். சிக்கிமையே எடுத்துக்கொள்ளுங்கள். உ.பி. அதைப்போல 327 மடங்கு. என் படத்தில் அது 100 மடங்குதான்.

ஆகவே முதல் வேலை, Assistant-இல் மதிப்பு 0 முதல், அளவும் 0 முதல் என்று மாற்றுவது. மதிப்பு சுழி என்றால் வட்டமும் சுழி. அதைவிட எனக்குப் பிடித்தது, Assistant-ஐ விட்டுவிட்டு அளவுக்கு நேராகவே ஒரு கோவையை எழுதிவிடுவது. என்ன நடக்கிறது என்று கண்ணெதிரே தெரியும். இதில் pop என்பது உங்கள் தரவில் மக்கள்தொகை இருக்கும் புலம்.

```
30 * sqrt("pop" / 199812341)
```

QGIS-இல் வட்டத்தின் Size என்பது விட்டம், ஆரமல்ல. விகிதம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் கணக்கு மாறாது. வர்க்கமூலம் ஏன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விட்டத்தை நேராக மதிப்போடு கட்டினால் நான்கு மடங்கு மக்கள்தொகைக்குப் பதினாறு மடங்கு மை செலவாகும்.

சரி, அந்த 30 எங்கிருந்து வந்தது? சிறிய பக்கத்திலிருந்து. 327-இன் வர்க்கமூலம் சுமார் 18. அதாவது பெரிய வட்டத்தின் விட்டம் சிறியதைப்போல 18 மடங்கு, இதை யாராலும் மாற்ற முடியாது. அச்சில் ஒன்றரை மி.மீ.க்குக் கீழே போனால் வட்டம் வெறும் புள்ளியாகிவிடுகிறது என்பது என் அனுபவம். 18-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 27. கொஞ்சம் தாராளமாக 30 வைத்தால் சிக்கிம் 1.7 மி.மீ. வருகிறது. சிறியதுதான், ஆனால் தெரியும்.

பிறகு பெரிய பக்கத்தில் அது தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஓரங்கள் போக A4 தாளின் அகலத்தை இந்தியா நிரப்பினால் ஒரு மி.மீ. சுமார் 17 கி.மீ. அப்போது உ.பி.யின் வட்டம் ஐந்நூறு கி.மீ. அகலத்தைப் பிடிக்கும், மாநிலத்தின் நீளத்துக்குள் அடங்கும், வடக்கு தெற்கில் மட்டும் எல்லையைத் தாண்டும். அரியானாவும் டெல்லியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அதற்காகப் பயந்து எல்லா வட்டத்தையும் சுருக்காதீர்கள். கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை, சிறியது மேலே வரும்படி Control feature rendering order-இல் மக்கள்தொகையை இறங்குவரிசையில் வைத்தால் போதும். ஒரு வட்டத்தின் விளிம்பு பாதிக்குமேல் மறைந்தால்தான் கண்ணால் அதன் அளவைக் கணிக்க முடியாது. வடகிழக்கில் அப்படி ஆனால் அந்தப் பகுதியை மட்டும் ஓரத்தில் பெரிதாக்கிப் போடுங்கள். பெரிதாவது நிலம் மட்டும்தான், வட்டங்கள் அதே அளவுக் கணக்கில் இருக்க வேண்டும்.

விளிம்புக் கோடு பற்றி ஒரு வார்த்தை. நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. கோட்டின் பாதி வட்டத்துக்கு வெளியே விழுகிறது. 1.7 மி.மீ. சிக்கிமுக்கு அதே நிறத்தில் 0.4 மி.மீ. கோடு போட்டால் அது 2.1 மி.மீ. ஆகிவிடும், பரப்பளவு பாதிக்குப் பாதி கூடிவிடும். உ.பி.க்கு அதே கோடு ஒன்றும் செய்யாது. வெள்ளைக் கோடு போட்டால் எதிர்ப்பக்கமாக, சிறிய வட்டத்தை உள்ளிருந்து தின்றுவிடும். 0.1 மி.மீ.க்கு மேல் வைக்காதீர்கள்.

இனி கண்ணின் பக்கம். கணக்கு சரியாக இருந்தாலும் மனிதர்கள் பரப்பளவைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஜேம்ஸ் ஃபிளானெரி என்ற நிலப்பட ஆய்வாளர் வாசகர்களை வட்டங்களை ஒப்பிடச் சொல்லிப் பார்த்தார். 1971-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. சராசரியாக, நான்கு மடங்கு பரப்பளவு கண்ணுக்குச் சுமார் 3.4 மடங்காகத்தான் படும், பத்து மடங்கு ஏழரை மடங்காகப் படும். இதை ஈடுகட்ட, வர்க்கமூலத்தின் 0.5 என்ற அடுக்குக்குப் பதில் அவர் சுமார் 0.57 வைக்கச் சொன்னார். QGIS-இன் Assistant-இல் Flannery என்று இருப்பது இதுதான். கோவையில் இப்படி எழுதலாம்:

```
30 * ("pop" / 199812341) ^ 0.5716
```

உங்கள் படத்தில் நான் இதைப் போட மாட்டேன். கேரளாவை எடுத்துக்கொள்வோம். உ.பி. கேரளாவைப்போல 6 மடங்கு. சாதாரணக் கணக்கில் கேரளாவுக்கு 12.3 மி.மீ., ஃபிளானெரி கணக்கில் 10.8 மி.மீ. இப்போது பரப்பளவு விகிதம் 7.7 ஆகிவிட்டது. சராசரி வாசகருக்கு இது 6 மடங்காகத் தெரியும், சரி. ஆனால் ஃபிளானெரி கண்டது சராசரி மட்டும்தான், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். ஓரளவு சரியாக மதிப்பிடக்கூடிய கண் உள்ளவரை நாமே தப்பான பக்கம் தள்ளிவிடுகிறோம். அதோடு சிக்கிம் 1.1 மி.மீ.க்கு இறங்கிவிடும். நீங்கள் காட்ட ஆசைப்பட்டதே சின்ன மாநிலங்களைத்தானே! மதிப்புகளின் வீச்சு குறைவாக இருந்து, படம் சுவரில் சில வினாடி மட்டும் பார்க்கப்படும், யாரும் லெஜண்டைத் தேடப் போவதில்லை என்றால் ஃபிளானெரி பொருந்தும். அப்போதும் லெஜண்டின் வட்டங்கள் அதே அடுக்கில் இருக்க வேண்டும், அடிக்குறிப்பில் அதைச் சொல்லியும் விட வேண்டும்.

அச்சில் வரும் உங்கள் படத்துக்கு நல்ல லெஜண்டுதான் பெரிய உதவி. வாசகர் உ.பி.யையும் கேரளாவையும் ஒப்பிட்டு மடங்கு கணக்குப் போடுவதில்லை. கேரளாவின் வட்டத்தைப் பார்க்கிறார், லெஜண்டில் அதற்குப் பக்கத்து அளவுள்ள வட்டத்தைத் தேடுகிறார். அந்தப் பக்கத்து அளவு அங்கே இருந்தால் பிழை குறைகிறது. அதனால் ஒரே ஒரு வட்டம் போதாது. நான் 20 கோடி, 5 கோடி, 50 லட்சம் என்று மூன்று வைப்பேன். விட்டம் முறையே 30, 15, 4.7 மி.மீ. வருகிறது. முதல் இரண்டையும் வேண்டுமென்றே வைக்கிறேன். அகலம் பாதியானால் மக்கள்தொகை கால்வாசி என்பது அந்த இரண்டு வட்டங்களையும் எண்களையும் பார்த்ததுமே வாசகருக்குப் பிடிபட்டுவிடும், படம் முழுக்க அதே கண்ணோடு பார்ப்பார். உங்கள் மாநிலங்களில் நிறைய 3 முதல் 10 கோடிக்குள் இருப்பதால் 10 கோடிக்கு நான்காவதாக ஒன்று, 21 மி.மீ.க்குச் சேர்த்தாலும் நல்லதுதான்.

QGIS-இல் Advanced பொத்தானுக்குள் Data-defined Size Legend என்று இருக்கிறது. அங்கே Assistant-ஐப் பயன்படுத்தியிருந்தால் இந்த மதிப்புகளைக் கையால் கொடுங்கள்; கோவை எழுதியிருந்தால் மதிப்புக்குப் பதில் மேலே சொன்ன விட்டங்களைக் கொடுத்து, பெயராக மக்கள்தொகையை எழுதுங்கள். அது தானாகத் தரும் எண்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். Collapsed legend என்பதைத் தேர்ந்தெடுத்தால் வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, அடி ஒட்டி நிற்கும். இடம் மிச்சம், ஆனால் படத்தில் தனியாக நிற்கும் வட்டத்தை லெஜண்டில் உள்ளே அடைபட்ட வட்டத்தோடு ஒப்பிடுவது கொஞ்சம் சிரமம். இடம் இருந்தால் நான் தனித்தனியாகவே வைப்பேன். ஒரு விஷயம் மறக்கக் கூடாது: லெஜண்டின் வட்டங்களுக்கும் படத்தில் உள்ள அதே நிறம், அதே ஒளிபுகு தன்மை வேண்டும். வெறும் கோட்டு வட்டத்தையும் நிறம் நிரம்பிய வட்டத்தையும் கண் ஒரே மாதிரி அளப்பதில்லை.

அச்சுக்கு அனுப்புமுன் PDF-ஐ உண்மை அளவில் ஒரு தாளில் எடுத்து, அளவுகோலை வைத்துப் பாருங்கள். உ.பி. 30 மி.மீ., இமாச்சல் 5.6 மி.மீ. இருக்க வேண்டும். உ.பி. சரியாக இருந்து இமாச்சல் 8 பக்கம் வந்தால் எங்கோ பழைய 3 மி.மீ. இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, லெஜண்டை மட்டும் வைத்து இமாச்சலின் மக்கள்தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். 60, 70 லட்சம் என்று சொன்னால் அனுப்பிவிடலாம். ஒரு கோடிக்கு மேல் சொன்னால் லெஜண்டில் 50 லட்சத்துக்கு மேலே இன்னொரு வட்டம் தேவைப்படுகிறது.